காவடிப் படம் ஒன்று, மொழி நான்கு: தனித்தனிக் கோப்பா, ஒரே கோப்பில் பல ஒலித்தடமா?

மொரீசியஸில் ஒரு கோயில் இளைஞர் குழு தைப்பூசக் காவடியைப் பற்றி ஆறு நிமிடப் படம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விரதம், காவடிக்குச் சட்டம் கட்டுவது, பூ வைப்பது, பால் செம்பை ஏந்துவது, மலையேறுவது என்று எல்லாம் அதில் வரும். படம் எடுத்து முடிந்ததும் கேள்வி எழும். எந்த மொழியில்? வீட்டில் எல்லோரும் பேசுவது கிரியோல். பலருக்கு வாசிக்கப் பழக்கம் பிரெஞ்சு. பள்ளிக்கூடத்துக்கும் வெளிநாட்டு விருந்தினருக்கும் ஆங்கிலம். தமிழ் இல்லாமல் காவடிப் படம் எடுத்தால் கோயில் பெரியவர்கள் நம்மைச் சும்மா விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆனால் தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்பவர்களிலும் எழுத்துக்கூட்டி வாசிப்பவர்கள் குறைவு.

ஆக நான்கு மொழி. அதற்கு மூன்று வழி இருக்கிறது. ஒவ்வொரு மொழிக்கும் குரலும் எழுத்தும் படத்தோடு பதிந்த தனித்தனிக் கோப்பு செய்யலாம். ஒரே கோப்புக்குள் நான்கு ஒலித்தடங்களையும் நான்கு சப்டைட்டில்களையும் அடுக்கி, பார்ப்பவரே தேர்ந்தெடுக்கட்டும் என்று விடலாம். யூடியூபில் ஒரே காணொளியை ஏற்றி, அங்கேயே ஒவ்வொரு மொழி ஒலியையும் சேர்க்கலாம்.

காகிதத்தில் பார்த்தால் இரண்டாவது வழிதான் அழகு. கணக்கும் அதற்குச் சாதகம். முழு எச்டி படத்தை வினாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் சுருக்கினால் ஆறு நிமிடத்துக்குச் சுமார் 360 எம்பி வரும். 128 கிலோபிட் ஒலித்தடம் ஒன்று 6 எம்பிக்கும் குறைவு. நான்கு மொழியையும் ஒரே கோப்பில் வைத்தால் மொத்தம் 385 எம்பிக்குள் முடிந்துவிடும். தனித்தனியாகச் செய்தால் ஏறக்குறைய ஒன்றரை ஜிபி. சப்டைட்டில் கோப்புகள் சில கிலோபைட்டுதான், அவற்றைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

இன்னொரு லாபமும் உண்டு, இதுதான் பெரிது. ஒலி நான்கு, எழுத்து நான்கு என்றால் சேர்க்கை பதினாறு. மாலைத் தமிழ் வகுப்புக்குத் தமிழ்க் குரலும் கிரியோல் எழுத்தும் வேண்டும். காது மந்தமான பாட்டிக்குக் கிரியோல் குரலோடு கிரியோல் எழுத்தும் வேண்டும். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைக்குப் பிரெஞ்சு எழுத்து போதும், குரல் தமிழிலேயே இருக்கட்டும். பல தடக் கோப்பில் இத்தனையும் கூடுதல் வேலை எதுவும் இல்லாமல் கிடைக்கும். தனித்தனிக் கோப்பு முறையில் பதினாறையும் யாரும் செய்யப்போவதில்லை. நான்கைந்தைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டியதுதான்.

அப்படியானால் இரண்டாவது வழியையே எடுத்துக்கொள்ளலாமே என்றால், நடுவில் பிளேயர் என்று ஒன்று இருக்கிறது. கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட அதைத் திறக்கும் செயலி எதை எடுத்துக் காட்டுகிறது என்பதுதான் கடைசியில் முடிவு செய்யும். கணினியில் விஎல்சி எல்லாத் தடத்தையும் பட்டியலிடும். கோயில் மண்டபத்துத் தொலைக்காட்சியில் பென்டிரைவைச் செருகினால், பெரும்பாலும் ரிமோட்டில் ஒலி மொழியை மாற்ற ஒரு வழி இருக்கும், ஆனால் அது எந்தப் பொத்தான் என்பதை அன்றைக்கு ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர் கண்டுபிடிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கப்படும். போய்ச் சேருவது ஒரே ஒலிதான். ஆவணமாக அனுப்பினால் கோப்பு முழுசாகப் போகும், ஆனால் பெறுபவர் தட்டியதும் முதல் தடம் ஒலிக்கும், உள்ளே இன்னும் மூன்று மொழி இருப்பது அவருக்குத் தெரியவே வராது. இணைய உலாவியில் வைத்தாலும் இதே கதை: குரோமில் சாதாரண வீடியோ பெட்டிக்கு ஒலித்தடம் மாற்றும் வசதி இல்லை.

இந்த ஊரில் கோயில் செய்தி எதுவானாலும் பரவுவது வாட்ஸ்அப் குழுக்களில்தான். ஆகவே எனக்குக் கணக்கு எளிது: கைபேசிக்குப் போகும் எதுவும் தனிக் கோப்பாகவே போக வேண்டும். பல தடக் கோப்பு மண்டபத்துக்கும் வகுப்புக்கும் மட்டும்.

இதோடு முடிந்ததென்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. சிக்கல் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று படத்தின் மேலேயே எழுதும் எழுத்து, மற்றது நேரம்.

சப்டைட்டிலைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். படத்துக்குள் உட்காரும் தலைப்பு, பேசுபவர் பெயர், பொருளைச் சுட்டும் குறிப்பு ஆகியவற்றை நினைத்துப் பார்ப்பவர் குறைவு. காவடியின் சட்டத்தைக் காட்டி நான்கு பாகங்களுக்கு அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதியிருக்கிறோம் என்று வையுங்கள். அந்த எழுத்து படத்தின் புள்ளிகளாகவே ஆகிவிட்டது. ஒலித்தடத்தை எத்தனை முறை மாற்றினாலும் அது மாறாது. தமிழில் எழுதியிருந்தால் பிரெஞ்சுக் குரல் ஓடும்போதும் தமிழே நிற்கும்.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: எழுத்தே இல்லாத ஒரு மூலப்படத்தை வெளியே எடுத்து வைப்பது. திரைத்துறையில் பெரிய நிறுவனங்கள் பல மொழிக்கு அனுப்பும்போதும் இப்படி எழுத்தற்ற பிரதியைக் கேட்பது இதனால்தான். அதன் மேல் மொழிக்கு ஒரு லேயர். எடிட்டிங் மென்பொருளில் மொழி ஒன்றுக்கு ஒரு வீடியோ தடம் ஒதுக்கி, வேண்டாததை மறைத்துவிட்டு வெளியே எடுக்கலாம். நான் விரும்புவது இன்னும் பழைய பாணி: இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு கோப்பு, அதில் நான்கு லேயர், ஒவ்வொன்றையும் பின்புலம் இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்துக்கொள்வது. `chembu-ta.png`, `chembu-mfe.png`, `chembu-fr.png`, `chembu-en.png` என்று பெயர் ஒரே ஒழுங்கில் இருந்தால், ஒரு மொழிக்குச் செய்த வேலையை நகலெடுத்து, பெயரின் கடைசி எழுத்துகளை மட்டும் மாற்றினால் போதும்.

பிஎன்ஜி ஏன் என்றால், தமிழ் எழுத்து எல்லா மென்பொருளிலும் ஒழுங்காக வராது. கொம்பும் காலும் எழுத்தின் முன்னும் பின்னும் போய் உட்கார வேண்டும். அந்த அறிவு இல்லாத மென்பொருள் அவற்றைத் தட்டச்சு வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும். சோதிக்கச் சுலபமான சொல் ‘கோயில்’. ககரத்துக்கு முன்னால் கொம்பு வராமல், பின்னால் புள்ளி வட்டம் ஒன்று தொங்கினால் அந்த மென்பொருளை நம்ப வேண்டாம். பிரீமியரிலும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலும் விருப்பங்களில் தெற்காசிய எழுத்துக்கான தேர்வு தனியாக இருக்கிறது; அதைப் போடாமல் விட்டால் இப்படி ஆகும். இங்க்ஸ்கேப்பில் ஒழுங்காக வந்த எழுத்தைப் படமாக எடுத்துவிட்டால் பிறகு எந்த மென்பொருளும் அதைக் குலைக்க முடியாது. எழுத்துப்பிழை இருந்தால் மறுபடி இங்க்ஸ்கேப் வரை போக வேண்டும், அதுதான் இதன் விலை.

பழைய கோயில் அழைப்பிதழிலிருந்து சொற்களை எடுத்து ஒட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால் ‘வணக்கம்’ என்பது `tzf;fk;` என்று வந்து நிற்கும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே லேயருக்குள் கொண்டுவாருங்கள். சப்டைட்டில் கோப்பையும் UTF-8 ஆகச் சேமிக்க வேண்டும். சேமித்துத் திறந்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால் அது சேமித்த முறையின் கோளாறு, எழுத்துருவின் கோளாறு இல்லை.

இதே காரணத்தால்தான் பல தடக் கோப்பில் தமிழ் சப்டைட்டிலை நான் அதிகம் நம்புவதில்லை. கோப்புக்குள் இருப்பது வெறும் எழுத்து. அதை வரைவது தொலைக்காட்சியின் வேலை. தமிழ் எழுத்துரு இல்லாத பெட்டியில் கட்டங்கள் வரும், அரைகுறையாக உள்ள பெட்டியில் கொம்பு இடம் மாறும். எம்கேவி கோப்பில் எழுத்துருவையும் உள்ளே இணைத்து வைக்கலாம். விஎல்சி அதை எடுத்துக்கொள்ளும், தொலைக்காட்சிகள் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. கிரியோல், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் லத்தீன் எழுத்து என்பதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நம் ஊரில் சப்டைட்டிலை அதிகம் வாசிக்கப்போவதும் அந்த மொழிகளில்தான். ஆகவே தமிழ் எழுத்தைப் படத்தில் பதித்துத் தனிக் கோப்பாகவும், மற்ற மூன்றையும் மாற்றக்கூடிய சப்டைட்டிலாகவும் வைப்பது இந்த இடத்துக்குப் பொருந்தும்.

பாகங்களின் பெயருக்கு இன்னொரு தந்திரமும் உண்டு. படத்தில் பெயரையே எழுதாமல் 1, 2, 3, 4 என்று எண் மட்டும் போட்டு, குரலும் சப்டைட்டிலும் பெயரைச் சொல்லட்டும். எண்ணுக்கு மொழி கிடையாது. பல தடக் கோப்புக்கும் யூடியூபுக்கும் இது கச்சிதம். வாட்ஸ்அப்பில் ஒலியை அணைத்துப் பார்ப்பவருக்குத்தான் எண் மட்டும் தெரிந்து எரிச்சல் வரும். அவருக்கான தனிக் கோப்பில் பெயரையே எழுதிவிடலாம்.

இனி நேரம். ஒரே படத்துக்கு நான்கு ஒலித்தடம் என்றால் நான்கும் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட வேண்டும். செம்பில் பால் ஊற்றும் காட்சி 10 வினாடி. கிரியோல் வரி 8 வினாடியில் முடிந்துவிடுகிறது. தமிழில் அதையே நாலு பேர் முன் படிக்கிற மாதிரி எழுதியிருப்பார் ஒரு பெரியவர். வாசிக்க 14 வினாடி. குரலை வேகப்படுத்தினால் ஐந்து சதவீதம்வரை காதுக்கு உறுத்தாது, அதற்கு மேல் ஏலம் போடுவது போலக் கேட்கும். தனிக் கோப்பில் தமிழ் பதிப்புக்கு மட்டும் காட்சியை 4 வினாடி நீட்டலாம். ஆனால் நீட்டிய அந்த நொடியிலிருந்து தமிழ்ப் படமும் மற்றப் படங்களும் வேறு வேறு. லேயர்களின் நேரம் பொருந்தாது, சப்டைட்டில் நேரம் பொருந்தாது, ஒலித்தடத்தை மாற்றிக்கொள்ளவும் முடியாது. ஒரு திருத்தம் வந்தால் இரண்டு இடத்தில் செய்ய வேண்டும்.

இதற்கு நான் சொல்வது, படத்தொகுப்பை முடிக்கும் முன்பே நான்கு மொழியிலும் கைபேசியில் ஒரு கச்சா வாசிப்பைப் பதிந்துகொள்வது. காட்சிவாரியாக நேரத்தை எழுதி, எந்த மொழி அதிகம் எடுக்கிறதோ அதற்கு ஏற்பக் காட்சியை வெட்டுவது. மேலே சொன்ன காட்சியில் தமிழ் வரியைக் கொஞ்சம் இறுக்கி 12 வினாடிக்குக் கொண்டுவந்து, காட்சியையும் 12 ஆக்கிவிட்டால் எல்லோருக்கும் இடம் கிடைக்கும். கிரியோலில் மிஞ்சும் 4 வினாடி வெற்றிடமாகாது. தவில் இருக்கிறது, பால் விழும் சத்தம் இருக்கிறது.

அந்தத் தவில் இருக்க வேண்டுமானால் குரல் கலக்காத பின்னணி ஒலி தனியாக இருக்க வேண்டும். இசையும் இடத்தின் ஓசையும் ஒரு தடம், குரல் வேறு தடம் என்று பிரித்து வைத்து, ஒவ்வொரு மொழிக் குரலையும் அதே பின்னணியோடு கலந்து நான்கு முழு ஒலிக் கோப்புகளை எடுக்க வேண்டும். பேட்டியில் பேசுபவரின் குரல் ஏற்கெனவே நாதஸ்வரத்தோடு கலந்து பதிவாகியிருந்தால் அதைப் பிரிக்கப் போராட வேண்டாம். அவருடைய குரலை இரண்டு வினாடி முழுதாகக் கேட்கவிட்டு, பிறகு தாழ்த்தி, மேலே மொழிபெயர்ப்புக் குரலை ஓடவிடுவது பழைய செய்திப்பட முறை. அது நேர்மையாகவும் இருக்கும், பேசுபவரின் குரலும் தொலையாது.

நான்கு கோப்பும் ஒரே நீளம், 48 கிலோஹெர்ட்ஸ், ஒரே உரப்பு. உரப்பைக் காதால் சரிபார்க்காமல் அளந்து ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் மண்டபத்தில் மொழியை மாற்றும்போது ஒலிபெருக்கி அலறும். படத்துக்கு இரண்டு வினாடி முன்னும், முடிந்த இரண்டு வினாடி பின்னும் எல்லாத் தடத்திலும் ஒரு சின்ன ‘பீப்’ வைத்துக்கொண்டால், நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதே எது நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். முன் பீப் பொருந்திப் பின் பீப் விலகியிருந்தால் அந்தத் தடத்தின் வேகமே வேறு. இழுத்து நகர்த்திப் பயன் இல்லை, மறுபடி எடுக்க வேண்டும். சரிபார்த்த பிறகு எல்லாத் தடத்திலும் படத்திலும் அந்த முனைகளை ஒரே அளவில் வெட்டிவிடலாம்.

மண்டபத்துக்கான கோப்பைச் சேர்ப்பது ffmpeg என்ற மென்பொருளில் ஒரே கட்டளை:

```
ffmpeg -i padam.mp4 -i ta.wav -i mfe.wav -i fr.wav -i en.wav -i mfe.srt -i fr.srt -i en.srt \
 -map 0:v -map 1:a -map 2:a -map 3:a -map 4:a -map 5:s -map 6:s -map 7:s \
 -c:v copy -c:a aac -b:a 128k -c:s mov_text \
 -metadata:s:a:0 language=tam -metadata:s:a:1 language=mfe \
 -metadata:s:a:2 language=fra -metadata:s:a:3 language=eng \
 -metadata:s:s:0 language=mfe -metadata:s:s:1 language=fra -metadata:s:s:2 language=eng \
 mandapam.mp4
```

படம் மறுபடி சுருக்கப்படுவதில்லை, `copy` என்று இருப்பதால் ஒலி மட்டுமே மாறும். சில வினாடியில் முடிந்துவிடும். `mfe` என்பது மொரீசியஸ் கிரியோலுக்கான மூன்றெழுத்துக் குறி. தொலைக்காட்சிக்கு அந்தக் குறி தெரியாமல் போகலாம்; அப்போது மெனுவில் ‘தெரியாத மொழி’ என்றோ வெறும் ‘ஒலி 2’ என்றோ வரும். ரிமோட் பக்கத்தில் ஒரு காகிதத்தில் ‘2 = கிரியோல்’ என்று எழுதி ஒட்டுங்கள். `ffprobe mandapam.mp4` என்று கொடுத்தால் தடங்கள் எந்த வரிசையில் போயிருக்கின்றன என்பது தெரியும்.

வரிசையை அலட்சியம் செய்யாதீர்கள். இந்தக் கட்டளையில் முதலில் வரும் ஒலிதான் தானாக ஒலிக்கும் ஒலி. எந்த மொழி முன்னால் என்பது இந்த நாட்டில் வெறும் தொழில்நுட்பக் கேள்வி அல்ல; 1998-ல் வெளிவந்த ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்து இந்திக்குக் கீழே போனதற்காக எழுந்த எதிர்ப்பில் மத்திய வங்கி அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றது. கோயில் மண்டபத்தில் திரையிடும் கோப்பில் முதல் தடம் தமிழ், கீழே கிரியோல் எழுத்து என்று வைத்தால் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது. எல்லோருக்கும் புரியவும் செய்யும். வாட்ஸ்அப்புக்கான கோப்பில் நான் கிரியோல் குரலையே முதலில் அனுப்புவேன்.

கிரியோல் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2012-ல் அது தொடக்கப் பள்ளிப் பாடமாக வந்துவிட்டது, சீரான எழுத்துமுறையும் இருக்கிறது. ஆனால் நடுவயதினர் இன்னும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில்தான் கைபேசியில் தட்டுகிறார்கள். நான்கு பேர் நான்கு விதமாக எழுதிய லேயர்களை ஒரே படத்தில் கலந்தால் அசிங்கமாக இருக்கும். பள்ளியில் கற்பிக்கும் எழுத்துமுறையையே பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அதைத்தான் படிக்கிறார்கள்.

மூன்றாவது வழியான யூடியூபை விரைவாகச் சொல்லிவிடலாம். வெளிநாட்டு உறவினருக்கு ஒரே இணைப்பை அனுப்பலாம், சப்டைட்டிலில் தமிழ் எழுத்து கைபேசியிலும் உலாவியிலும் ஒழுங்காக வரும், பார்த்த எண்ணிக்கை நான்காகச் சிதறாது. கூடுதல் ஒலித்தடம் சேர்க்கும் வசதி உங்கள் சேனலுக்குத் திறந்திருக்கிறதா என்றும், மொழிப் பட்டியலில் மொரீசியஸ் கிரியோல் இருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள். இருந்தாலும் ஒரு சங்கடம் மிஞ்சும். எந்த ஒலி தானாக ஒலிக்க வேண்டும் என்பதை யூடியூப் பார்ப்பவரின் மொழி அமைப்பை வைத்து முடிவு செய்கிறது. இங்கே கைபேசிகள் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோதான் இருக்கும். ஆகவே கிரியோல் தடம் தானாக ஒலிப்பது அபூர்வம். தேடிப் போய் மாற்றுபவருக்கே அது கிடைக்கும். இதனால் யூடியூபில் கிரியோல் பதிப்பைத் தனிக் காணொளியாகவும், தமிழைத் தாய்த்தடமாக வைத்துப் பிரெஞ்சும் ஆங்கிலமும் சேர்த்த ஒன்றை இன்னொன்றாகவும் ஏற்றுவது மேல். ஒரே இணைப்பு என்ற அழகு கெட்டுப்போகும், கெடட்டும்.

ஆக, வெளியே போகும் பொருள்கள் இவை: எழுத்து பதிந்த நான்கு தனிக் கோப்பு கைபேசிக்கு, நான்கு ஒலித்தடமும் மூன்று சப்டைட்டிலும் எண் குறிப்பும் கொண்ட ஒரு கோப்பு மண்டபத்துக்கும் வகுப்புக்கும், யூடியூபில் இரண்டு. உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான்: எழுத்தில்லாத படம், குரலில்லாத பின்னணி, மொழிக்கு ஒரு குரல், மொழிக்கு ஒரு லேயர் தொகுதி. இந்த நான்கையும் தனித்தனிக் கோப்புறையில் போட்டு, குழுவில் ஒருவருக்கு மேல் வைத்திருங்கள். வெளியே போன கோப்புகள் தொலைந்தால் மறுபடி செய்துவிடலாம், இவை தொலைந்தால் முடியாது.

அடுத்த வருடம் ரெயூனியனில் உள்ள சொந்தக்காரர்கள் தங்கள் கோயிலுக்கும் இந்தப் படம் வேண்டும் என்பார்கள். அங்கே பேசும் கிரியோல் வேறு, குறியும் வேறு, `rcf`. அவர்களிடம் 12 வினாடி, 9 வினாடி என்று காட்சிவாரி நேரப் பட்டியலையும் பிரெஞ்சு எழுத்துப் பிரதியையும் அனுப்பி, அந்த நேரத்துக்குள் வாசித்து ஒரு குரல் கோப்பு அனுப்பச் சொன்னால் போதும். அதைப் பின்னணியோடு கலந்து, லேயரில் சொற்களை மாற்றி, மேலே உள்ள கட்டளையில் ஐந்தாவது தடமாகச் சேர்த்துவிடலாம்.